இன்றைய நட்சத்திரம்: இரண்டு காலண்டர் இரண்டு விதமாகச் சொன்னால் பலகையில் எதை எழுதுவது?

பலகைக்காரன்
சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில். காலையில் நடை திறந்ததும் வாசல் பலகையில் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் எழுதுவது என் பொறுப்பு. அலுவலக அறையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நாள் கிழிக்கும் காலண்டர் ஒன்று, இங்கே அச்சடித்த மாதக் காலண்டர் ஒன்று. பெரும்பாலான நாள் இரண்டும் ஒத்துப்போகும், ஆனால் மாதத்தில் ஓரிரு நாள் அது ஒரு நட்சத்திரம் சொல்லும், இது வேறு சொல்லும். அர்ச்சனை சீட்டு வாங்க வருகிறவர்கள் பலகையைப் பார்த்துத்தான் "இன்னிக்கு நம்ம பிள்ளை நட்சத்திரம்" என்று வருகிறார்கள். ஆகவே காலண்டரை நம்பாமல் நிலா எங்கே இருக்கிறது என்பதை வைத்து நானே கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் எப்படி? ஜோதிடப் பலன் எல்லாம் வேண்டாம், நட்சத்திரம் மட்டும் சரியாகத் தெரிய வேண்டும்.

முத்து தைப்பிங்
இதுக்கு ஏன் கணக்கு? நட்சத்திரம் 27, நாளுக்கு ஒன்று. நேற்று ரோகிணி என்றால் இன்று மிருகசீரிடம், நாளை திருவாதிரை. எங்க அப்பா விரல் விட்டு எண்ணியே சொல்லுவார், தோட்டத்தில் எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள்.

வான்நோக்கி
முத்து சொல்வது பாதி நாள் சரியாக வரும். நிலா வானத்தை ஒரு சுற்று சுற்ற 27 நாளும் சுமார் 8 மணி நேரமும் ஆகும். அந்தச் சுற்றை 27-ஆகப் பிரித்தால் ஒரு நட்சத்திரத்துக்குச் சராசரி 24 மணி 17 நிமிடம். நாளை விட 17 நிமிடம் கூடுதல் என்பதால் எண்ணிக்கொண்டே போனால் மூன்று மாதத்துக்குள் ஒரு நாள் பிசகும். அது மட்டுமில்லை, நிலா ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது வேகம் கூடி ஒரு நட்சத்திரத்தை 22 மணி நேரத்துக்கும் குறைவாகவே கடந்துவிடும், தூரத்தில் இருக்கும்போது 26 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அதனால்தான் சில சமயம் இரண்டு நாள் காலையிலும் ஒரே நட்சத்திரம் இருக்கிறது, சில சமயம் ஒன்று காலையில் அகப்படாமலேயே போய்விடுகிறது. விரல் விட்டு எண்ணுகிறவர்கள் அந்த நாட்களில் காலண்டரைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள், உங்கள் அப்பாவும் செய்திருப்பார்.

பலகைக்காரன், உங்கள் இரண்டு காலண்டருமே சரியாக இருக்கலாம். "இன்றைய நட்சத்திரம்" என்று போடுவது அன்று சூரிய உதயத்தின்போது நிலா எந்தப் பிரிவில் நிற்கிறதோ அது. யாருடைய சூரிய உதயம் என்பதுதான் கேள்வி. செப்டம்பர் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் உதயம் அவர்கள் கடிகாரத்தில் 6 மணி வாக்கில், அது நமக்கு 8.30. சுங்கை சிப்புட்டில் சூரியன் 7.10-க்கே வந்துவிடும். ஆக நமக்கு விடிந்து 1 மணி 20 நிமிடம் கழித்துத்தான் சென்னையில் விடிகிறது. அந்த இடைவெளிக்குள் நிலா ஒரு பிரிவை விட்டு அடுத்ததுக்குப் போனால், இங்கே பழைய நட்சத்திரம்தான் அந்த நாளுக்குரியது, அங்கே புதியது. நம்ம நேரம் காலை 7.45-க்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 7.10-க்கு நீங்கள் எழுதுவது பழையது, அங்கே 8.30-க்குப் பார்க்கிறவர் எழுதுவது புதியது. மாதத்தில் ஓரிரு நாள் என்று நீங்கள் சொன்னது இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

சரசு அக்கா
என் கதையையும் கேளுங்க. நான் 1976-இல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அப்போது எங்க ஐயர் கையால் எழுதிக் கொடுத்த ஜாதகத்தில் அசுவினி முதல் பாதம், மேஷ ராசி. போன மாதம் மகள் கல்யாணத்துக்கு எல்லார் ஜாதகத்தையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள், எனக்கு ரேவதி நாலாம் பாதம், மீன ராசி என்று வருகிறது. பிறப்புப் பத்திரத்தில் இருக்கிற நேரத்தைத்தான் போட்டோம். இத்தனை வருஷம் அசுவினிக்கு அர்ச்சனை செய்தது எல்லாம் வீணா?

வான்நோக்கி
அக்கா, பலகைக்காரன் கேட்டது இன்றைய நட்சத்திரம், ஆனாலும் உங்களுடையதை விட்டுவிட முடியாது, ஏனென்றால் இந்த ஊரில் நிறையப் பேருக்கு இதே சிக்கல் இருக்கிறது. 1981 கடைசி வரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் உலக நேரத்தை விட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1-இல் அரை மணி முன்னால் தள்ளி 8 மணி ஆக்கினார்கள். உங்கள் பத்திரத்தில் இருப்பது பழைய கடிகார நேரம். கம்ப்யூட்டரில் போட்டவர் நேர மண்டலத்தை 8 என்று கொடுத்திருந்தால், அது நீங்கள் உண்மையில் பிறந்ததற்கு அரை மணி நேரம் முந்தைய நிலாவைக் கணக்குப் போட்டிருக்கும். அரை மணியில் நிலா கால் பாகைக்கு மேல் நகரும். நடுவில் இருந்தால் ஒன்றும் ஆகாது, உங்களைப் போல ஓரத்தில் பிறந்தவர்களுக்கு நட்சத்திரமே மாறிவிடும். 7.30 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரேவதி முடிந்த பிறகுதான் அசுவினி என்பதால், அரை மணி பிந்தைய நிலாவைக் கணக்குப் போட்டால் ஐயர் எழுதியதே வரும் என்று எதிர்பார்க்கிறேன். லக்னத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அரை மணியில் நிலாவை விட அதுதான் அதிகம் நகர்ந்திருக்கும்.

சரசு அக்கா
7.30 போட்டதும் அசுவினி வந்துவிட்டது தம்பி. மகளிடம் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் ஜாதகத்தையும் திரும்பப் பார்க்கப் போகிறோம், மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும் பழைய ஆட்கள்தான்.

பலகைக்காரன்
உதய விஷயம் புரிந்தது, இனி இங்கே அச்சடித்ததையே பலகைக்கு எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும், உண்மையில் என்னை இதில் இழுத்துவிட்டதே அதுதான். 2025 செப்டம்பரில் பூரண சந்திர கிரகணம் வந்ததே, அந்த இரவு என் தங்கச்சிக்குப் பையன் பிறந்தான். பத்திரத்தில் செப்டம்பர் 8, இரவு 12.40. நிலாவின் ஓரத்தை நிழல் கடிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆவணி மாதத்தில் நட்சத்திரப் பிறந்தநாள் வைக்க வேண்டும். பாட்டி சதயம் என்கிறார், விடிவதற்கு முன்னால் பிறந்தால் முந்தைய நாள் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை காலண்டரில் சதயம்தான் போட்டிருக்கிறது என்கிறார். மாப்பிள்ளை வீட்டில் 8-ஆம் தேதிச் சீட்டைக் காட்டிப் பூரட்டாதி என்கிறார்கள்.

முத்து தைப்பிங்
பாட்டி சொல்வதுதான் முறை. நமக்கு நாள் விடியலில்தான் தொடங்குகிறது, நடு இரவில் தேதி மாறுவது வெள்ளைக்காரன் கணக்கு. பையன் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நட்சத்திரம் சதயம்.

வான்நோக்கி
கிழமைக்கு முத்துவும் பாட்டியும் சொல்வது முழுக்கச் சரி, பையன் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைதான். ஆனால் நட்சத்திரம் கிழமை மாதிரி விடியலுக்காகக் காத்திருக்காது. நிலா எல்லையைத் தாண்டிய நிமிடத்தில் மாறிவிடும், அது மத்தியானமாக இருந்தாலும் சரி, நடு இரவாக இருந்தாலும் சரி. காலண்டரில் ஒரு நாளுக்கு ஒரு பெயர் போடுவது வசதிக்காக. பிறந்த நட்சத்திரம் என்றால் பிறந்த நிமிடத்தில் நிலா எங்கே என்றுதான் பார்க்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டும் வேண்டாம், திங்கள் சீட்டும் வேண்டாம்.

இந்தப் பையனுக்கு நிலாவைப் பிடிப்பது சுலபம், கிரகணம் என்றால் பௌர்ணமி, சூரியனுக்கு நேர் எதிரே நிலா. சூரியன் எங்கே என்பது தமிழ்த் தேதியிலேயே இருக்கிறது. அன்று ஆவணி 22. ஆவணி பிறக்கும்போது சூரியன் சிம்மத்தின் தொடக்கத்தில் நிற்கும், நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகரும். தேதியில் ஒன்றைக் கழித்துக்கொண்டால் சிம்மத்தில் 21 பாகை. மேஷத்திலிருந்து சிம்மம் தொடங்கும் வரை 120, ஆக மொத்தம் 141. எதிர்ப்பக்கம் போக 180-ஐக் கூட்டினால் 321. இப்போது ஒரு நட்சத்திரப் பிரிவுக்கு 13 பாகை 20 கலை, ஒரு பாகைக்கு 60 கலை. 24 பிரிவு முடியும்போது சரியாக 320 பாகை. ஆக 24-ஆவதான சதயம் முடிந்து 25-ஆவது பூரட்டாதி ஒரு பாகை ஓடியிருக்கிறது. இதற்குப் பஞ்சாங்கம் கூட வேண்டியதில்லை.

ஆனால் இது பௌர்ணமி பூர்த்தியாகும் நேரத்துக்கு, அதாவது நம்ம நேரம் அதிகாலை 2.09-க்கு. பையன் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் பிறந்தவன். அந்த இரவு நிலா வேகமாக ஓடியது, மணிக்கு 36 கலை. ஒன்றரை மணிக்கு 54 கலை பின்னால் போனால் 320-க்கு மிகக் கிட்டே வந்து நிற்கிறது. தமிழ்த் தேதியை வைத்து எடுத்த சூரியன் ஒரு பாகைக்குள் கூடக் குறைய இருக்கும் என்பதால், இந்த வழி சந்தேகத்தைத் தீர்க்காது, பையன் எல்லைக்கோட்டிலேயே பிறந்திருக்கிறான் என்பதை மட்டும் காட்டும். துல்லியமான எண் வேண்டும்.

கிந்தா குமார்
என்னிடம் நட்சத்திர ஆப் இருக்கிறது. தேதி, நேரம், ஊர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். நிலாவின் ecliptic longitude 344°08' வருகிறது. அதில் அயனாம்சம் 24°13' கழித்தேன்:

```
344°08' - 24°13' = 319°55'
```

320-ஐத் தொடவில்லை. சதயம் நாலாம் பாதம். பாட்டி ஜெயித்துவிட்டார்.

பலகைக்காரன்
ஐந்து கலையில் சதயமா! அயனாம்சம் ஏன் கழிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், அந்த எண் எங்கிருந்து வருகிறது?

கிந்தா குமார்
ஆப் எல்லாம் மார்ச் மாதம் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டும் இடத்தை 0 என்று வைத்து அளக்கிறது. நம்ம மேஷம் தொடங்கும் இடம் அதுவல்ல, இரண்டுக்கும் நடுவில் இப்போது 24 பாகை சொச்சம். அதைக் கழிக்காவிட்டால் ஏறக்குறைய இரண்டு நட்சத்திரம் தள்ளிப்போய்விடும். முதல் தடவை பார்க்கிற எல்லோரும் இதில்தான் விழுவார்கள், கழிக்காமல் பார்த்தால் இந்தப் பையனே உத்திரட்டாதிதான்.

வான்நோக்கி
குமார், வழி சரி, ஆனால் அந்த ஆப் இரண்டு விதமான longitude காட்டும். ஒன்றின் பக்கத்தில் J2000 என்று இருக்கும், இன்னொன்றின் பக்கத்தில் of date என்று இருக்கும். நீங்கள் எடுத்தது J2000 என்று நினைக்கிறேன். அது 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தச் சுழியம் எங்கே இருந்ததோ அங்கிருந்து அளப்பது. சுழியம் வருஷத்துக்கு 50 விகலை நகர்ந்துகொண்டே இருக்கிறது, கால் நூற்றாண்டில் 21 கலைக்கு மேல் நகர்ந்துவிட்டது. 2000-இன் அளவில் 2025-இன் அயனாம்சத்தைக் கழித்தால் அந்த 21 கலை இரண்டு தடவை போகிறது. of date பார்த்தால் 344°29' இருக்க வேண்டும்.

```
344°29' - 24°13' = 320°16'
```

J2000-தான் வேண்டும் என்றால் 2000-ஆம் ஆண்டின் அயனாம்சம் 23°51'-ஐக் கழியுங்கள், ஒரு கலை முன்னே பின்னே அதே விடை வரும். இரண்டு வழியும் ஒத்துப்போனால்தான் சரியாகப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

இன்னொன்று, ஆப் உங்கள் ஊரில் நின்று பார்க்கிற நிலாவைக் காட்டுகிறதா, பூமியின் நடுவிலிருந்து பார்க்கிற நிலாவைக் காட்டுகிறதா என்று பாருங்கள். பஞ்சாங்கம் பூமியின் நடுவிலிருந்துதான் கணிக்கும். நிலா நமக்குக் கிட்டே இருப்பதால் அடிவானத்தில் இருக்கும்போது ஒரு பாகை வரை தள்ளித் தெரியும், அது ஏறக்குறைய இரண்டு மணி நேரத்து ஓட்டம். அன்று 12.40-க்கு நிலா ஏறக்குறைய உச்சியில் இருந்ததால் சில கலை மட்டும்தான். மற்ற நாளில் இதைக் கவனிக்காமல் விட்டால் விடை தப்பாகிவிடும், அமைப்பில் geocentric என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

கிந்தா குமார்
ஆமாம், J2000 வரிதான். of date வரி கீழே இருக்கிறது, 344°32' காட்டுகிறது. geocentric மாற்றியதும் 344°29' ஆகிவிட்டது. அப்படியென்றால் 320°16'. பூரட்டாதி முதல் பாதம்.

மலர் ஈப்போ
வானத்தைப் பார்த்தே சொல்ல முடியாதா? நிலா பக்கத்தில் எந்த நட்சத்திரம் மின்னுகிறதோ அது என்று எங்க ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார்.

வான்நோக்கி
பேர் வந்த கதை அதுதான் மலர். சித்திரை, மகம், ரோகிணி மாதிரி நிலாவின் பாதையை ஒட்டி இருக்கும் பிரகாசமான நட்சத்திரங்களுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் பிரிவுகள் சமமானவை, நட்சத்திரங்கள் அப்படிச் சம தூரத்தில் இல்லை. சுவாதி நிலாவின் பாதையிலிருந்து வடக்கே 30 பாகைக்கு மேல் தள்ளி நிற்கிறது, நிலா அதன் பக்கத்தில் போகவே போகாது. கண்ணால் பார்ப்பது ரசிக்க நல்லது, எல்லைக்கோட்டுக்குப் பயன்படாது.

பழைய லயம்
நான் கொஞ்சம் வயதானவன், ஆப் எல்லாம் தெரியாது. எங்களிடம் பாம்புப் பஞ்சாங்கம் இருக்கிறது, அதில் இத்தனை நாழிகை வரை சதயம் என்று போட்டிருப்பார்கள். காலையில் சூரியன் வந்ததிலிருந்து எண்ண வேண்டும், ஒரு நாழிகை 24 நிமிடம். தோட்டத்தில் எல்லாரும் இப்படித்தான் பார்த்தோம். சூரியன் எல்லா ஊருக்கும் வருகிறது, அதனால் இந்த இரண்டரை மணி நேரக் குழப்பம் எல்லாம் நாழிகைக் கணக்கில் கிடையாது.

வான்நோக்கி
ஐயா, நாழிகைக் கணக்கிலும் அது இருக்கிறது. புத்தகத்தில் போட்டிருக்கும் நாழிகை அவர்கள் ஊர் உதயத்திலிருந்து. இந்தப் பையனுக்கே பார்ப்போம். இன்றைய வானியல் கணக்கில் போடும் திருக்கணிதப்படி அன்று சதயம் முடிந்தது இந்திய நேரம் இரவு 9.40 வாக்கில். சென்னை உதயத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 39¼ நாழிகை. அந்த 39¼ நாழிகையை நம்ம உதயம் 7.10-இலிருந்து எண்ணினால் இரவு 10.50-க்குச் சதயம் முடிந்துவிட்டது என்று வரும். ஆனால் நிலா எல்லையைத் தாண்டுவது உலகம் முழுக்க ஒரே நொடியில் நடக்கிறது. இந்தியாவில் 9.40 என்றால் இங்கே நள்ளிரவு 12.10, அவ்வளவுதான். நாழிகையை முதலில் அவர்கள் ஊர்க் கடிகார நேரமாக்கி, அப்புறம் இரண்டரை மணி கூட்ட வேண்டும். 1982-க்கு முந்தைய பிறப்பென்றால் இரண்டு மணி மட்டும் கூட்ட வேண்டும்.

பையன் 12.40-க்குப் பிறந்தான், எல்லை 12.10. அரை மணி வித்தியாசம். நிலா அந்த அரை மணியில் 18 கலை போகும், குமார் எடுத்த 16 கலையோடு இது பொருந்துகிறது.

பழைய லயம்
நீங்கள் சொன்னது திருக்கணிதம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வாக்கியம்தான். வாக்கியத்தில் சதயம் 12.40 தாண்டியும் இருந்தால்?

வான்நோக்கி
இருக்கலாம் ஐயா, அதை நான் மறுக்கவில்லை. வாக்கியம் பழைய வாய்பாட்டில் ஓடுகிறது, நிலாவின் ஓட்டத்தில் உள்ள சில ஏற்ற இறக்கங்கள் அதில் சேரவில்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வித்தியாசம் குறைவாகவும், அஷ்டமி வாக்கில் அதிகமாகவும் இருக்கும். இது பௌர்ணமி என்பதால் கிட்டத்தில்தான் இருக்கும், ஆனால் பையனும் எல்லைக்கு அரை மணி நேரத்தில்தான் இருக்கிறான். அந்த வருஷத்து வாக்கியப் புத்தகத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். வானத்தில் நிலா எங்கே இருந்தது என்று கேட்டால் பூரட்டாதி என்பேன். எந்தப் பஞ்சாங்கப்படி சடங்கு செய்வது என்பது குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. எதுவானாலும் பெயர் சூட்டியதற்கும், நட்சத்திரப் பிறந்தநாளுக்கும், நாளைக்குப் பொருத்தம் பார்ப்பதற்கும் ஒரே பஞ்சாங்கத்தில் நில்லுங்கள். ஒன்றுக்கு வாக்கியம், இன்னொன்றுக்குத் திருக்கணிதம் என்று போனால் பையனுக்கு இரண்டு நட்சத்திரம் ஆகிவிடும்.

ராசி எப்படியும் கும்பம்தான், அதில் சண்டை இல்லை. தசையிலும் பெரிய வித்தியாசம் வராது. பூரட்டாதி என்றால் குரு தசை ஏறக்குறைய முழுசாக, சதயக் கடைசி என்றால் ராகு தசையில் சில மாதம் போய் அப்புறம் அதே குரு தசை.

சரசு அக்கா
ஆஸ்பத்திரியில் எழுதிய நேரமே சரியா என்று யார் கண்டது? என் மகள் பிறந்தபோது தாதி குளிப்பாட்டி முடித்துத்தான் மணி பார்த்தார். அரை மணி என்பது அவ்வளவு பெரிய விஷயமா?

வான்நோக்கி
நல்ல கேள்வி அக்கா. பத்து நிமிடம் தப்பியிருந்தால் நிலாவில் ஆறு கலை, அது இந்தப் பையனைச் சதயத்துக்குத் தள்ளாது. அரை மணி தப்பியிருந்தால் தள்ளும். தங்கச்சியிடம் கேளுங்கள் பலகைக்காரன், கிரகணத்தில் நிழல் விழ ஆரம்பித்தது நம்ம நேரம் 12.27-க்கு. பையன் பிறந்ததற்கு முன்னால் வெளியே இருந்தவர்கள் யாராவது நிலாவைப் பார்த்திருந்தால், நிழல் விழுந்திருந்ததா இல்லையா என்பது ஞாபகம் இருக்கும். விழுந்த பிறகு பிறந்தான் என்பது உறுதியானால் 12.10-க்குப் பிறகுதான் என்பதும் உறுதி.

பலகைக்காரன்
மாப்பிள்ளை வெளியே நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்! நிலாவின் ஒரு ஓரம் கறுத்திருக்கிற படம், அதற்கப்புறம்தான் தாதி வந்து கூப்பிட்டார் என்கிறார். படத்தில் நேரம் 12.34. ஆக திருக்கணிதப்படி பூரட்டாதிதான். பாட்டியிடம் கிழமை ஞாயிறு என்பதை ஒத்துக்கொண்டு, நட்சத்திரத்தை மட்டும் பேசப் போகிறேன். வாக்கியப் புத்தகம் அவருடைய தம்பி வீட்டில் பாகான் டத்தோவில் இருக்கிறதாம், அது வந்தால்தான் அவர் சம்மதிப்பார்.

அப்புறம் அந்தத் தமிழ்த் தேதிக் கணக்கைப் பழகிப் பார்த்தேன். 2025 தைப்பூசம் பிப்ரவரி 11, தை 29. மகரம் தொடங்குவது 270, அதோடு 28, சூரியன் 298. ஆனால் பௌர்ணமி மறுநாள் 12-ஆம் தேதி இரவுதான், அதனால் 180 கூட்டக் கூடாது, இல்லையா? இங்கேதான் நின்றுவிட்டேன்.

வான்நோக்கி
கூட்டக் கூடாது, சரியாகப் பிடித்தீர்கள். நிலா சூரியனை விட நாளுக்குச் சராசரி 12 பாகை அதிகமாக விலகிப் போகிறது, ஒரு திதி என்பதே அந்த 12 பாகைதான். 11-ஆம் தேதி காலை 7.30-இலிருந்து பௌர்ணமி பூர்த்தியாக ஒரு நாளும் 14 மணி நேரமும் இருந்தது, அதற்கு ஏறக்குறைய 19 பாகை. 180-இல் 19 போனால் 161. சூரியனின் 298-ஐக் கூட்டினால் 459, ஒரு முழுச் சுற்று 360-ஐக் கழித்தால் 99. பூசம் 93 பாகை 20 கலையில் தொடங்கி 106 பாகை 40 கலையில் முடிகிறது, 99 நட்ட நடுவில். அன்று காலை பத்துமலையில் காவடி எடுத்தவர்கள் எல்லாம் பூசத்தின் நடுவில்தான் எடுத்தார்கள்.

தை நடுவில் பௌர்ணமி வந்தால் பூசமும் பௌர்ணமியும் ஒரே நாளில் சேரும். தை கடைசியில் வந்தால் சூரியன் முன்னால் போய்விட்டிருக்கும், அதற்கு எதிரே நிற்கும் நிலாவும் பூசத்தைத் தாண்டிப் போயிருக்கும். அதனால்தான் அந்த வருஷம் பூசம் முந்திக்கொண்டது. பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், எந்த வருஷம் பௌர்ணமியோடு சேரும், எந்த வருஷம் பிரியும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

முத்து தைப்பிங்
பௌர்ணமிக்குச் சரி. நடுவில் ஒரு சாதாரண நாள், சப்தமி, அஷ்டமி என்றால்?

வான்நோக்கி
அதே கணக்குதான், திதி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அஷ்டமி என்று மட்டும் தெரிந்தால் சூரியனுக்கும் நிலாவுக்கும் இடைவெளி 84-இலிருந்து 96-க்குள் எங்கேயும் இருக்கலாம், அந்த 12 பாகை ஏறக்குறைய ஒரு முழு நட்சத்திரம். அதனால் இரண்டு நட்சத்திரத்தில் ஒன்று என்று சொல்லலாம், எது என்று அடித்துச் சொல்ல முடியாது. அஷ்டமி தொடங்கி எத்தனை மணி நேரம் ஆகிறது என்று தெரிந்தால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும், இரண்டு மணிக்கு ஒரு பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலகைக்காரன்
நாளையிலிருந்து பலகையில் நட்சத்திரத்தின் பக்கத்தில் "மலேசிய நேரம் இத்தனை மணி வரை, பிறகு இன்னது" என்று சேர்த்து எழுதப் போகிறேன். மாலை அர்ச்சனைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சீட்டு வாங்கட்டும். குருக்களிடம் கேட்டேன், சங்கல்பத்தில் அந்த நேரத்து நட்சத்திரத்தைத்தான் சொல்வேன், பலகையில் காலையில் எழுதியதை இல்லை என்றார். பாகான் டத்தோவிலிருந்து புத்தகம் வந்ததும் வாக்கியத்தில் என்ன இருக்கிறது என்று இங்கே போடுகிறேன்.

பழைய லயம்
போடுங்கள். ஆவணி 22-க்கு நேரே நாழிகையையும் விநாடியையும் அப்படியே எழுதுங்கள், எந்த ஊர் உதயத்துக்குப் போட்ட புத்தகம் என்று முன்பக்கத்தில் இருக்கும், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.